நைட் டியூட்டி நர்ஸும் மருந்தாளுநரும் விடியலில் குடிக்கும் டீ: இந்தச் சிறுகதையை எழுதுபவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டு பேர் டீ குடிக்கிறார்கள், அவ்வளவுதான். இதில் கதை எங்கே இருக்கிறது?

டீயில் இல்லை. டீக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நடந்த ஏதோ ஒன்றில் இருக்கிறது. இருவருக்கும் அது தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் களைப்பு, தனிமை, ஜன்னலில் வெளிச்சம், சூடான கோப்பை என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு நின்றுபோகிறார்கள். மனநிலை இருக்கிறது, ஆனால் யாருக்கும் எதுவும் பணயத்தில் இல்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு உரசல் உண்டு. மருத்துவர் எழுதுவதை மருந்தாளுநர் சரிபார்த்துக் கொடுக்கிறார், நர்ஸ் அதை நோயாளிக்குச் செலுத்துகிறார். ஒருவர் தவறினால் அடுத்தவர் பிடிக்க வேண்டும். பிடித்தால் அதைப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். ஒரு தவறைப் பிடித்தவரும், பிடிபட்டவரும், விடிகிற நேரத்தில் ஒரே மேசையில் கோப்பையோடு இருந்தால் கதை தானாக ஓடும். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு வடிவத்தை வைத்தே சொல்லப்படுகின்றன.

ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள். ராத்திரி முழுக்க நாலைந்து தடவை நேரில் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். கதைக்கு அதுதான் வசதி. வார்டிலிருந்து மருந்து கேட்கும் இன்டென்ட் சீட்டு உதவியாளர் கையில் கீழே போகும், அல்லது கணினியில் போகும். மருந்து அதே உதவியாளர் கையில் மேலே வரும். சந்தேகம் வந்தால் ஃபோன். இரவில் மருந்தகத்தில் ஒரே ஒரு ஆள் இருப்பது சாதாரணம். அவர் கவுன்டரை விட்டு நகர முடியாது. நர்ஸும் வார்டை விட்டு இறங்க முடியாது, ஆனால் வார்டில் பெரும்பாலும் இன்னொரு நர்ஸ் உண்டு.

அதனால் மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் குரலாகவும் கையெழுத்தாகவும் மட்டுமே தெரிந்திருப்பார்கள். நர்ஸ் எழுதும் ‘7’-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும். அவர் மருந்துப் பையை மடித்து ஸ்டேப்ளர் அடிக்கும் விதம் அவளுக்குத் தெரியும். முகம் வருவதற்கு முன்னால் இப்படி ஒன்றிரண்டை வைத்துவிட்டால், டீ நேரத்தில் முகம் வரும்போது அது ஒரு நிகழ்ச்சியாகும்.

யார் எழுந்து போக முடியும் என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. அவர் வர முடியாது, அவள்தான் வர வேண்டும். ஆக, டீ குடிக்க அவள் இறங்கி வருவது ஒரு முடிவு. ஏன் வந்தாள் என்ற கேள்வியைக் கதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ராத்திரியில் நடக்கும் சம்பவமாக எதை வைப்பது? ‘தவறான மருந்து’ என்று பொதுவாகச் சொன்னால் போதாதா?

போதாது. ‘தவறான மருந்து’ என்று எழுதினால் அந்த வேலை தெரிந்தவர் அங்கேயே கதையை மூடிவிடுவார். தெரியாதவருக்கும் அது வெறும் வார்த்தைதான். ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு அதன் குணத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள். சாவு வரை போகாத, ஆனால் போயிருக்கக்கூடிய தவறாக அது இருக்கட்டும். நோயாளி இறந்துவிட்டால் அந்த விடியலில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

நன்றாகப் பொருந்தும் ஒன்றைப் படிப்படியாகப் பார்ப்போம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் ஊசி மருந்து.

இரவு 2.55. வார்டில் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வலிப்பு. முதலில் லோரஸிபாம் போடுகிறார்கள், சில நிமிடத்தில் வலிப்பு நிற்கிறது. மறுபடி வராமலிருக்க, 3.05-க்கு டியூட்டி டாக்டர் ஃபெனிட்டாய்ன் எழுதுகிறார். கிலோவுக்கு 20 மி.கி. கணக்கில் 1000 மி.கி. எதில் கலக்க வேண்டும் என்பதை எழுதவில்லை. அவசரத்தில் இது விட்டுப்போவது சகஜம்.

ஃபெனிட்டாய்னை நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரை டிரிப்பில், கலக்கக் கூடாது. அந்த மருந்து பி.எச். 12 அளவுக்குக் கடும் காரத்தில்தான் கரைந்து நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் கொஞ்சம் அமிலம். அதில் கலந்தால் காரம் இறங்கி, கரைந்திருந்த மருந்து நுண்ணிய படிகமாக வெளியே வந்துவிடும். தெளிவாக இருந்த பாட்டில் வெள்ளையாகக் கலங்கும். அதைக் கவனிக்காமல் ஏற்றினால் படிகம் ரத்தக் குழாய்க்குள் போகும். வலிப்பு வராமல் தடுக்க வேண்டிய மருந்தும் முழு அளவில் போய்ச் சேராது.

வார்டில் அன்று 100 மி.லி. சலைன் தீர்ந்துவிட்டது. நர்ஸ் ஃபெனிட்டாய்ன் 10 ஆம்பூல், டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம் 100 மி.லி. ஒன்று என்று ஒரே சீட்டில் எழுதி அனுப்புகிறாள். அதே இரவில் வேறொரு நோயாளிக்கு வேறொரு மருந்தை டெக்ஸ்ட்ரோஸில் கலந்து கொடுத்திருந்தாள், கை அதே பழக்கத்தில் எழுதிவிட்டது. இப்படி ஒரு சின்னக் காரணம் வேண்டும். அவள் அறியாதவள் அல்ல. பகல் 11 மணிக்குக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சரியாகச் சொல்லியிருப்பாள். விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை உடல் வெப்பம் மிகவும் இறங்கி, கவனம் தளரும். நைட் டியூட்டித் தவறுகள் பல அறிவின் பற்றாக்குறையால் வருவதில்லை, தெரிந்தது அந்த நேரத்தில் கைக்கு வராததால் வருகின்றன.

3.10. சீட்டு மருந்தகத்துக்கு வருகிறது. மருந்தாளுநர் எப்படிப் பிடிக்கிறார்? முதலில் எண்ணைப் பார்க்கிறார். ஒரு ஆம்பூலில் 2 மி.லி., அதில் 100 மி.கி. பத்து ஆம்பூல் ஒரே ஆளுக்கு என்றால் யாரும் ஒரு நொடி நின்று பார்ப்பார்கள். எடையைக் கேட்டால் கணக்கு சரியாக வரும். ஆனால் நின்று பார்த்த அந்த நொடியில்தான் கண் அடுத்த வரிக்குப் போகிறது, அங்கே டெக்ஸ்ட்ரோஸ். சந்தேகப்பட்டது ஒன்றை, பிடித்தது வேறொன்றை. வேலையில் நிஜமாகவே இப்படித்தான் நடக்கும், கதையிலும் இது நன்றாக உட்காரும்.

3.12. அவர் ஃபோன் செய்கிறார். சலைன் அனுப்பப்படுகிறது. பிறகு பத்து ஆம்பூலையும் ஒவ்வொன்றாக உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, 20 மி.லி. மருந்தைச் சலைன் பாட்டிலில் சேர்க்க ஏழெட்டு நிமிடம் ஆகும். ஆம்பூலின் கண்ணாடிக் கழுத்திலுள்ள புள்ளி தன் பக்கம் பார்க்கும்படி பிடித்து வெளிப்பக்கமாக ஒடிக்க வேண்டும். ஏழாவது எட்டாவது ஆம்பூலில் கட்டைவிரல் எரிய ஆரம்பிக்கும். கலந்ததை வைத்திருக்காமல் உடனே ஏற்ற வேண்டும். நேரம் போனால் சலைனிலும் படியத் தொடங்கும் என்பதால், குழாயில் நுண்ணிய வடிகட்டி ஒன்றை மாட்டுவார்கள்.

வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு, நிமிடத்துக்கு 50 மி.கி. 1000 மி.கி. போக 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, கவனமானவர்கள் அரை மணி நேரம் எடுப்பார்கள். வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் மானிட்டரை மாட்டிவிட்டு அவள் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும். 3.30 முதல் 4.00 வரை அவளுக்கு வேறு வேலை இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்தம் பார்க்க வேண்டும், கலங்காத பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கதையின் மௌனமான நடுப்பகுதி அதுதான். அதை ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள்.

வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோன் வந்தால் இன்னும் பரபரப்பாக இருக்காதா?

இருக்காது, நம்பும்படி இருக்காது. வலிப்பு நடக்கையில் நர்ஸின் இரண்டு கையும் நோயாளி மேல் இருக்கும், ஃபோன் அடித்துக்கொண்டே கிடக்கும். லோரஸிபாமில் வலிப்பு நின்ற பிறகு கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் அவளால் எடுத்துப் பேச முடியும், எரிச்சல்படவும் முடியும்.

அந்த ஃபோன் பேச்சை எப்படி எழுதுவது? விளக்கம் கொடுக்காமல் வாசகருக்கு எப்படிப் புரியவைப்பது?

மருந்தாளுநர் பாடம் நடத்தக் கூடாது. “டெக்ஸ்ட்ரோஸ் அமிலத்தன்மை கொண்டது என்பதால்…” என்று அவர் தொடங்கினால், அது வாசகருக்காகச் சொல்லப்படுவது பளிச்சென்று தெரியும். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம். பாதி வாக்கியமே போதும்:

“சிஸ்டர், ஃபெனிட்டாய்ன் கேட்டிருக்கீங்க.”
“ஆமா சார், அர்ஜென்ட். பத்து.”
“பத்து சரி. பேஷன்ட் எத்தனை கிலோ?”
“அம்பது. சார், டாக்டர் எழுதினதுதான்.”
“கூடவே டெக்ஸ்ட்ரோஸ் போட்டிருக்கு.”
பதில் இல்லை. பின்னால் மானிட்டர் சத்தம்.
“திரிஞ்சிடும், சிஸ்டர்.”
“…சலைன் அனுப்புங்க.”

‘படிகமாகும்’ என்று மருந்தாளுநர் ஃபோனில் சொல்ல மாட்டார். பாலுக்குச் சொல்வது போலத் ‘திரிஞ்சிடும்’ என்றால் வாசகருக்கும் ஒரே சொல்லில் காட்சி கிடைத்துவிடும். (அதற்காக விடியலில் டீக்கு வைத்த பால் திரிந்துபோவதாக எழுதிவிட வேண்டாம். எல்லோருக்கும் தோன்றும், அதனாலேயே விட வேண்டும்.)

இந்தப் பேச்சில் அவள் நன்றி சொல்லவில்லை. அது பாக்கியாக நிற்கிறது.

விடியலில் டீ எத்தனை மணிக்கு?

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு விடியல் என்றால் ஓய்வு. வார்டில் அது நைட் டியூட்டியின் மிக நெருக்கடியான நேரம். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வேண்டும், எல்லாருக்கும் வெப்பமும் அழுத்தமும் குறிக்க வேண்டும். இரவு முழுக்க உள்ளே போன திரவத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிப்போட வேண்டும். காலை மருந்து, அதன் பிறகு அடுத்த ஷிஃப்டிடம் ஹேண்டோவர். மருந்தகத்திலும் அப்படியே. வார்டுகளின் காலை இன்டென்ட் குவியத் தொடங்கும், பூட்டி வைக்கும் மருந்துகளை அடுத்த ஆளோடு சேர்ந்து எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

டியூட்டி 8 மணிக்கு முடிகிறது, காலை வேலை 5.30-க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், டீக்குக் கிடைப்பது 5 மணியை ஒட்டிய பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதுவும் இன்னொரு நர்ஸ் “போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்” என்று சொன்னால். அந்த ஒரு வரியை மறக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் வலிப்பு வந்த நோயாளியை விட்டுவிட்டு இவள் எப்படி இறங்கினாள் என்று படிப்பவர் கேட்பார்.

ஹேண்டோவர் முடிந்து 8.15-க்கு டீ என்றும் எழுதலாம். ஆனால் அப்போது விடியல் போய் வெயில் வந்திருக்கும், கவுன்டரில் கூட்டம் நிற்கும், பதற்றமும் கலைந்திருக்கும். 5 மணி டீயில் இருவருக்கும் இன்னும் மூன்று மணி நேர வேலை பாக்கி. பேச்சு எந்த நொடியிலும் அறுபடலாம். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கதை எந்தப் பருவத்தில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 5 மணிக்கு ஜன்னல் வெளுக்கத் தொடங்குவதும் இருட்டாகவே நிற்பதும் அதைப் பொறுத்தது.

எங்கே உட்காருவார்கள்?

மருந்து எடுத்து வைக்கும் மேசையில் அல்ல. அங்கே சாப்பாடும் டீயும் வரக் கூடாது. கவுன்டருக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய சின்ன இடம், அல்லது அறைக் கதவுக்கு வெளியே இரண்டு நாற்காலி. மணி அடித்தால் அவருக்குக் கேட்க வேண்டும். டீ பெரும்பாலும் அவருடைய ஃபிளாஸ்கிலிருந்துதான் வரும். ஃபிளாஸ்கின் மூடி ஒரு கோப்பை, இன்னொன்றைத் தேட வேண்டும்.

பலர் இங்கே சறுக்குவது, பாலை மருந்து ஃபிரிட்ஜிலிருந்து எடுப்பதாக எழுதுவது. இன்சுலினும் தடுப்பு மருந்தும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பெட்டி அது, வெப்பநிலையைக் குறித்துவைக்கும் தாளே அதன் கதவில் தொங்கும். ஒழுங்கான மருந்தாளுநர் ஒருவர் அதில் பால் வைத்தால், அவரைப் பற்றி நீங்கள் நினைக்காத ஒன்றை வாசகருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

வீட்டுக்குப் போய்த் தூங்கப் போகிறவர் அந்த நேரத்தில் ஏன் டீ குடிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இதற்கான விடை பாத்திரத்தைப் பற்றியே சொல்லிவிடும். டீயில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்தால் 10 மணிக்கு, அவள் படுக்கையில் இருக்கும்போது, பாதி இன்னும் உள்ளே இருக்கும். அனுபவமுள்ள நைட் டியூட்டிக்காரர்கள் 2, 3 மணிக்குப் பிறகு டீயைத் தொடாமல் இருப்பார்கள்.

அதனால் அவள் வழக்கமாக மறுத்துவிடுபவளாக இருக்கட்டும். உதவியாளர் மூலம் “டீ இருக்கு, வர்றீங்களா” என்று அவர் முன்பே சில தடவை சொல்லி அனுப்பியிருக்கட்டும், “தூக்கம் கெட்டுப்போகும் சார்” என்று அவள் சொல்லியிருக்கட்டும். இன்று அவளாகவே வந்து கோப்பையை நீட்டுகிறாள். இன்றைக்கு எப்படியும் தூக்கம் வராது என்பதை அவள் சொல்லத் தேவையில்லை. அவரும் கேட்க மாட்டார், பாதிக் கோப்பை மட்டும் ஊற்றுவார்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவார்கள்?

பேச வேண்டியது ஒன்றுதான். அவர் அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டாரா?

பல மருந்தகங்களில் இப்படி இடைமறித்துத் திருத்தியதைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு உண்டு. தேதி, நேரம், வார்டு, என்ன கேட்டார்கள், என்ன திருத்தம், யாரிடம் பேசியது. வார்டு பக்கத்தில் ‘நோயாளியை எட்டாத தவறு’ என்று ஒரு படிவமும் உண்டு, தவறியவர் தானே அதை நிரப்பலாம். யாரையும் தண்டிக்க அல்ல, மறுபடி நடக்காமலிருக்கத்தான் இவை என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். அந்தத் தவறில் தன் பெயர் வரும்போது அதை முழுசாக நம்புகிறவர்கள் குறைவு.

எனவே அவள் அதைக் கேட்க வந்திருக்கிறாள், கேட்க மாட்டாள். அவரும் அது தெரிந்தும் பேச்சை எடுக்க மாட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்ற பிரச்சினையே இல்லை. எழுதாவிட்டால் வார்டில் சலைன் தீர்ந்துபோனது யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் இதே சீட்டை எழுதுவாள். எழுதினால் இவளுடைய பெயர் உள்ளே போகும். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் டீ ஆறுகிறது.

வாயில் வருவது வேறு பேச்சு. மாதிரிக்கு:

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
“ஆம்பூலா?”
“எட்டாவது.”
“பத்துல எட்டாவதுதான் வெட்டும்” என்றார். அப்படி எந்தக் கணக்கும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.
“பிரஷர் கொஞ்சம் இறங்குச்சு. வேகத்தைக் குறைச்சேன், ஏறிடுச்சு.”
“இப்போ?”
“தூங்கறார்.”
அவர் தலையாட்டினார். கவுன்டர் மேல் நீல அட்டைப் பதிவேடு மூடியிருந்தது, நடுவில் பேனா.

பேனா நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான். அவர் எழுதிவிட்டு மூடினாரா, எழுதப் போய் நிறுத்தினாரா என்று அவளுக்கும் தெரியாது. ‘அவள் மனதில் அச்சம் எழுந்தது’ என்று கீழே ஒரு வரி சேர்க்க விரல் துடிக்கும், சேர்க்காதீர்கள்.

யாருடைய பார்வையில் சொல்வது?

நர்ஸின் பார்வையில். மருந்தாளுநருக்குப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும், அவர் பக்கம் போனால் கதையின் ஒரே கேள்விக்கு விடை உடனே கிடைத்துவிடும். வாசகரிடமிருந்து அதை மறைத்தால் அது ஏமாற்று. 3.10-க்கு மருந்தகத்தில் நடந்ததை எப்படிக் காட்டுவது என்றால், டீ குடிக்கும்போது அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும்: “பத்துங்கிறதைப் பார்த்துதான் நின்னேன். இல்லேன்னா பார்த்திருக்கவே மாட்டேன்.” அந்த வாக்கியம் அவரையும் அவள் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும். அவரும் மயிரிழையில்தான் பிடித்திருக்கிறார்.

காதல் கதையாக மாற்றலாமா?

தாராளமாக. ஆனால் காதலைச் சொல்ல வேண்டியதில்லை. ‘சிஸ்டர்’, ‘சார்’ என்பதிலிருந்து அவர்கள் நகரவே கூடாது. ஒரே ஒரு தடவை, அவள் கிளம்பும்போது, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாச் சீட்டிலும் கீழே இருக்கிறது. வயது வித்தியாசம் அதிகமாக இருந்தால் இதையும் விட்டுவிடுங்கள், கதைக்கு நஷ்டமில்லை.

மருந்துப் பெயர், அளவு, நிமிடம் என்று போனால் வாசகர் ஓடிவிட மாட்டாரா?

மேலே சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. கதைக்குள் போக வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபெனிட்டாய்ன் என்ற பெயர் ஒரு தடவை, ஃபோனில். லோரஸிபாம் வேண்டவே வேண்டாம், “முதல் ஊசியில் நின்றது” போதும். பி.எச். வரவே கூடாது. பத்து ஆம்பூல், கலங்காத பாட்டில், அரை மணி நேரம், இந்த மூன்றும் இருந்தால் வாசகர் மீதியை நம்பிவிடுவார்.

தெரிந்துவைத்திருப்பதன் பயன் வேறு இடத்தில் வரும். கையைத் தவறாக அசைக்க மாட்டீர்கள். சினிமா பார்த்து எழுதுகிறவர்கள் மானிட்டரில் நேர்க்கோடு வந்ததும் மின் அதிர்ச்சி கொடுக்கிறார்கள். நேர்க்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதில்லை, மார்பை அழுத்துவதும் மருந்தும்தான். மருந்தாளுநர் தானாகவே மருந்தை மாற்றிக் கொடுப்பதும் இப்படிப்பட்ட தவறுதான். அவர் கேட்பார், நிறுத்திவைப்பார். மருத்துவர் எழுதிய மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமென்றால் மருத்துவரே மாற்றி எழுத வேண்டும். நம் கதையில் கலக்கும் திரவத்தை மருத்துவர் குறிப்பிடவே இல்லை என்பதால், இரண்டு பேரும் ஃபோனிலேயே அதை முடித்துக்கொள்ள முடிந்தது.

முடிவு எப்படி? அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவதாக வைத்தேன், நண்பர்களுக்குப் பிடித்திருந்தது.

அந்த நண்பர்களில் நர்ஸோ மருந்தாளுநரோ இருந்திருக்க மாட்டார்கள். பதிவேட்டுப் பக்கத்துக்கு எண் உண்டு, கிழித்தால் தவறை விடப் பெரிய குற்றம். அதோடு, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அடுத்த நோயாளியைக் கைவிடுகிறார். அன்பு மாதிரித் தெரியும், உள்ளே அலட்சியம்.

இதற்கு நேர் எதிராக, அவள் அழுது மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். 5.20-க்கு யாருக்கும் அழ நேரமில்லை.

வேலைக்குள்ளிருந்தே ஒரு முடிவு எடுக்கலாம். அவள் கோப்பையைக் கழுவி வைக்கிறாள், கதவுவரை போகிறாள், திரும்புகிறாள்.

“நேரம் என்னன்னு போட்டீங்க சார்?”
“மூணு பத்து.”
“சீட்டு வந்ததுதான் மூணு பத்து. நீங்க ஃபோன் பண்ணினது மூணு பன்னிரண்டு. நான் பல்ஸ் எழுதிட்டிருந்தேன்.”

அவர் பதிவேட்டைத் திறந்து, பத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, சுருக்கக் கையெழுத்து வைக்கிறார். (பதிவேட்டில் திருத்துவது இப்படித்தான். பழைய எழுத்து தெரிய வேண்டும், அழிக்கவோ அதன் மேலேயே எழுதவோ கூடாது.) அவர் எழுதியிருப்பார் என்று அவளே ஊகித்துக்கொண்டாள், தன் தவறு துல்லியமாகப் பதிவாக வேண்டும் என்று அவளே கேட்கிறாள். ஃபோனில் பாக்கி நின்ற நன்றியும் இதில் வந்துவிட்டது. இதற்குப் பிறகு சூரியனைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வேண்டாம்.

எவ்வளவு நீளம்?

1500 முதல் 2000 சொல். ஃபோன் வரை ஒரு பங்கு, கட்டிலருகில் அரை மணி நேரம் ஒரு பங்கு, டீ இரண்டு பங்கு. ஃபோன் வரையிலான பகுதிதான் எழுத எழுத நீளும், வெட்ட வேண்டியதும் அங்கேதான். அவள் டியூட்டிக்குப் புறப்பட்டு வந்த பயணத்தில் தொடங்கியிருந்தால் அதை அப்படியே எடுத்துவிட்டு, சீட்டு எழுதும் கையில் தொடங்கிப் பாருங்கள்.

எழுதி முடித்த பிறகு எதைச் சரிபார்ப்பது?

கடிகாரத்தை. ஒரு தாளில் கதையில் வரும் எல்லா நேரத்தையும் வரிசையாக எழுதுங்கள். 3.05 ஆர்டர், 3.10 சீட்டு, 3.12 ஃபோன், 3.20 மருந்து கைக்கு வருகிறது, 3.30 ஏற்றத் தொடங்குகிறாள், 4.00 முடிகிறது, 5.05 டீ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சொன்ன வேலைக்கு அந்த நிமிடங்கள் போதுமா என்று பாருங்கள். முதல் வரைவுகளில் பத்து ஆம்பூலும் ஒரே நிமிடத்தில் உடைந்துவிடும், அரை மணி நேர டிரிப் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். நடுவில் வேகத்தைக் குறைத்தாள் என்று டீ நேரத்தில் சொல்கிறாள் அல்லவா, அப்படியானால் அது 4.00-க்கு முடிந்திருக்க முடியாது. 4.10 என்று மாற்றுங்கள்.

அடுத்து, நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவரிடமும் மருந்தாளுநர் ஒருவரிடமும் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். “எந்த இடத்தில் நம்பவில்லை?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் அது தகவல் பிழை, திருத்திவிடலாம். நர்ஸ் மருந்தாளுநரின் பேச்சையும், மருந்தாளுநர் நர்ஸின் பேச்சையும் நம்பவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடலாம்.